துகளின் ஓட்டமும் நுண்ணோக்கியின் அளவுகோலும்

1908-ஆம் ஆண்டில் பாரிஸில் ஒரே கேள்விக்கு இரண்டு வழிகளில் விடை தேடினார்கள். நீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஓயாமல் துடித்துக்கொண்டே இருக்கின்றன. அந்தத் துடிப்பில் ஒரு துகள் குறிப்பிட்ட நேரத்தில் எவ்வளவு தூரம் நகர்ந்துவிடுகிறது என்பதுதான் கேள்வி. விக்டர் ஹென்றி என்பவர் அன்று புத்தம் புதிதாக இருந்த சினிமா கேமராவை நுண்ணோக்கியோடு இணைத்து, ரப்பர் பால் துகள்களைப் படம் பிடித்தார். ழான் பெரென் குழுவினர் பழைய முறையையே கையாண்டார்கள். நுண்ணோக்கியில் தெரிவதைப் பக்கத்தில் உள்ள தாளின் மேல் விழுந்ததுபோல் காட்டும் ஒளிக்கருவி ஒன்று உண்டு. அதன் உதவியோடு, 30 நொடிக்கு ஒருமுறை துகள் இருந்த இடத்தைப் பென்சிலால் குறித்தார்கள்.

ஹென்றிக்குக் கிடைத்த எண், மூன்று ஆண்டுகளுக்கு முன் ஐன்ஸ்டீன் கணக்கிட்டுச் சொன்னதைவிட மிகப் பெரிதாக இருந்தது. பெரென் குழுவின் எண் கணக்கோடு ஒத்துப்போனது. அணுக்கள் உண்மையில் உள்ளனவா என்ற விவாதத்தை முடித்துவைத்த அளவீடுகளில் அதுவும் ஒன்று. பெரெனுக்கு 1926-இல் நோபல் பரிசு கிடைத்தது.

பெரென் குழுவின் முறை வேகமானதல்ல. ஆனால் துகள்களைத் திரும்பத் திரும்பச் சுழற்றிப் பிரித்து ஒரே அளவுள்ளவற்றை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அவற்றின் ஆரத்தை ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் அளந்து சரிபார்த்தார்கள். இன்று ஒரு மாணவர் கணினியின் முன் அமர்ந்து, அறுபது துகள்களின் பாதையைச் சில நிமிடங்களில் வரைந்துவிடலாம். பாதை வரைவது எளிதாகிவிட்டது. அந்தப் பாதையின் நீளம் சரியா என்று உறுதிசெய்யும் வேலை மட்டும் பெரென் காலத்தில் இருந்த அளவுக்கே இன்றும் இருக்கிறது.

விடை தெரிந்த ஒரு சோதனை

இதைப் புரிந்துகொள்ள, முன்கூட்டியே விடை தெரிந்த ஒரு சோதனையை எடுத்துக்கொள்வோம். கடையில் வாங்கக்கூடிய, ஒரு மைக்ரான் விட்டமுள்ள பாலிஸ்டைரீன் மணிகள். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்த மணிகளைத் தூய நீரில் மிகக் குறைவாகக் கலந்து, ஒரு சொட்டை ஸ்லைடுக்கும் கவர் ஸ்லிப்புக்கும் இடையே அடைத்து, 25 டிகிரி செல்சியஸில் வீடியோ எடுக்கிறோம். நொடிக்கு 10 ஃபிரேம். பார்வைப் பரப்பில் சுமார் 60 மணிகள்.

நீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் மோதுவதால் மணி தாறுமாறாக அலைகிறது. அலையும் ஒன்றுக்கு நிலையான வேகம் கிடையாது. இங்கே போய் அங்கே திரும்பிவிடும். அதனால் சராசரி தூரத்தை அளக்காமல், தொடங்கிய இடத்திலிருந்து விலகிய தூரத்தை வர்க்கப்படுத்தி, எல்லா மணிகளுக்கும் சராசரி காண்கிறார்கள். அந்த வர்க்கச் சராசரி நேரத்துக்கு ஏற்ப நேர்கோட்டில் வளரும் என்பதே ஐன்ஸ்டீன் கண்டது. இரண்டு பரிமாணப் படத்தில் அது இப்படி:

```
<r²> = 4 D t
D = kT / (6πηa)
```

`D` என்பது விரவல் குணகம். `k` போல்ட்ஸ்மன் மாறிலி, `T` கெல்வின் வெப்பநிலை, `η` நீரின் பாகுநிலை, `a` மணியின் ஆரம். நம் மணிக்கு எண்களைப் போட்டால் `D` நொடிக்கு 0.49 சதுர மைக்ரான் வருகிறது. ஒரு நொடியில் மணி சராசரியாகச் சுமார் 1.4 மைக்ரான் விலகியிருக்கும். பத்தில் ஒரு நொடியில் 0.44 மைக்ரான்.

வீடியோவிலிருந்து 0.49 கிடைத்தால் நம் அளவீடு சரி. கிடைக்காவிட்டால் எங்கோ தவறு. அந்தத் தவறு எங்கெல்லாம் புகுகிறது, எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பிக்சலை மைக்ரானாக மாற்றுவது

கணினிக்குத் தெரிந்தது பிக்சல் மட்டும்தான். ‘இந்த மணி மூன்று பிக்சல் நகர்ந்தது’ என்று அது சொல்லும். மூன்று பிக்சல் என்றால் எத்தனை மைக்ரான் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

எளிய கணக்கு ஒன்று உண்டு. கேமரா சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் 6.5 மைக்ரான் என்றும், ஆப்ஜெக்டிவ் லென்ஸ் 40 மடங்கு பெரிதாக்குகிறது என்றும் வைத்தால், ஒரு பிக்சல் என்பது 6.5-ஐ 40-ஆல் வகுத்த 0.1625 மைக்ரான். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் லென்ஸின் மேல் பொறித்திருக்கும் 40 என்ற எண் ஒரு நிபந்தனையோடு வருகிறது. இன்றைய ஆப்ஜெக்டிவ்கள், நுண்ணோக்கியின் குழாயில் உள்ள இன்னொரு லென்ஸோடு சேர்ந்தே படத்தை உருவாக்குகின்றன. அந்தக் குழாய் லென்ஸின் குவியத் தூரம் நிக்கான் நுண்ணோக்கிகளில் 200 மில்லிமீட்டர், ஒலிம்பஸில் 180. ஒலிம்பஸுக்காகச் செய்த 40 மடங்கு லென்ஸை 200 மில்லிமீட்டர் குழாய் லென்ஸுள்ள கருவியில் பொருத்தினால் அது 44 மடங்குக்கு மேல் பெரிதாக்கும். கேமராவுக்கு முன்னால் படத்தைச் சுருக்கும் இணைப்புக் குழாய் இருந்தால் கணக்கு மறுபடியும் மாறும்.

ஆகவே உண்மையான அளவுகோலைப் படம் எடுத்துப் பார்ப்பதே வழி. ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் என்ற கண்ணாடி ஸ்லைடு இதற்காகவே இருக்கிறது. அதில் ஒரு மில்லிமீட்டர் நீளத்தை நூறாகப் பிரித்துக் கோடுகள் பொறித்திருப்பார்கள். இரண்டு கோடுகளுக்கு இடையே 10 மைக்ரான். சோதனைக்குப் பயன்படுத்தும் அதே லென்ஸ், அதே கேமரா அமைப்பில் இதைப் படம் எடுக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்துக் கோடுகளை அளக்காமல், படத்தில் முடிந்தவரை தள்ளி இருக்கும் இரண்டு கோடுகளை எடுக்க வேண்டும். அப்போதுதான் கோட்டைக் குறிப்பதில் வரும் ஒன்றிரண்டு பிக்சல் பிழை சிறு பங்காகிவிடும். கோட்டுக்கும் தடிமன் உண்டு என்பதால் ஒரு கோட்டின் இடது விளிம்பிலிருந்து மற்றதன் இடது விளிம்பு வரை அளப்பது நல்லது. ஸ்லைடைத் திருப்பி வைத்துக் குறுக்கிலும் நெடுக்கிலும் ஒரே எண் வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

நம் சோதனையில் 100 மைக்ரான் நீளம் படத்தில் 640 பிக்சல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் ஒரு பிக்சல் 0.156 மைக்ரான். லென்ஸைப் பார்த்துப் போட்ட கணக்கைவிட இது 4 சதவீதம் குறைவு. நான்கு சதவீதம்தானே என்று விட்டுவிட முடியாது. நாம் அளப்பது தூரத்தின் வர்க்கம். தூரத்தில் 4 சதவீதம் மிகுந்தால் `D`-யில் 8 சதவீதம் மிகும். ஃபிஜி என்ற இலவச மென்பொருளில் `Analyze > Set Scale` பட்டியலில் இந்த எண்ணைக் கொடுத்துவிட்டால் பிறகு எல்லா நீளமும் மைக்ரானிலேயே வரும்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று அடிக்கடி நேர்கிறது. மங்கலான ஒளியில் படம் எடுக்கும்போது கேமராவில் இரண்டுக்கு இரண்டாக நான்கு பிக்சல்களை ஒன்றாகச் சேர்க்கும் வசதியைத் திறந்துவிடுவார்கள். அப்போது ஒரு பிக்சலின் அகலம் இரட்டிப்பாகிறது. பழைய அளவுகோலையே வைத்திருந்தால் எல்லாத் தூரமும் பாதியாகத் தெரியும். `D` கால் பங்காகிவிடும். வீடியோவை வேறு அளவுக்குச் சுருக்கிச் சேமித்தாலும் இதே கதிதான். இந்தப் பிழையை உடனே பிடிக்க ஓர் எளிய வழி, படத்தில் மணியின் விட்டத்தை அளப்பது. ஒரு மைக்ரான் மணி ஏறத்தாழ 6 பிக்சல் அகலம் தெரிய வேண்டும். ஒளியின் சிதறலால் விளிம்பு சற்றுத் தடித்துத் தெரியும். நுட்பமான அளவுகோலுக்கு இது உதவாது. இரட்டிப்புத் தவறைக் காட்டிக்கொடுக்கப் போதும்.

நேரத்துக்கும் இதே கவனம் தேவை. வீடியோ கோப்பில் எழுதியிருக்கும் ஃபிரேம் வேகம் பல நேரங்களில் அதைத் திரையில் ஓட்ட வேண்டிய வேகம். படம் எடுத்த வேகம் அல்ல. கணினி திணறும்போது இடையில் சில ஃபிரேம்கள் விடுபடுவதும் உண்டு. கேமரா ஒவ்வொரு ஃபிரேமுக்கும் பதியும் நேரக் குறியை எடுத்து, இடைவெளிகள் சமமாக இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் பாதுகாப்பு.

மணியின் மையம் எங்கே

ஆறு பிக்சல் அகலமுள்ள வெளிச்சப் புள்ளியின் மையத்தை ஒரு பிக்சலுக்கும் குறைவான துல்லியத்தில் சொல்ல முடியும். புள்ளியில் உள்ள ஒவ்வொரு பிக்சலின் வெளிச்சத்தையும் எடையாகக் கொண்டு சராசரி இடத்தைக் கணக்கிட்டால் மையம் கிடைக்கிறது. ஜான் குரோக்கரும் டேவிட் கிரியரும் 1996-இல் வெளியிட்ட கட்டுரை இந்த முறையைச் செம்மைப்படுத்தியது. இன்று புழங்கும் பல மென்பொருள்களுக்கு அதுவே அடிப்படை.

இதில் ஒரு பொறி இருக்கிறது. மென்பொருளுக்குக் கொடுக்கும் வட்டத்தின் அளவு மணியின் படத்தைவிடச் சிறிதாக இருந்தால், மையம் பிக்சலின் நடுப்பகுதியை நோக்கி இழுக்கப்படும். பார்வைக்குப் பாதை ஒழுங்காகத்தான் தெரியும். இதைக் கண்டுபிடிக்கக் கிடைத்த எல்லா இடங்களிலும் தசமப் புள்ளிக்குப் பிந்தைய பகுதியை மட்டும் எடுத்து ஒரு பட்டை வரைபடம் போட வேண்டும். மணிக்குப் பிக்சலின் எல்லை எங்கே இருக்கிறதென்று தெரியாது. ஆகவே 0 முதல் 1 வரை எல்லா மதிப்பும் சம அளவில் வர வேண்டும். ஓரிடத்தில் குவிந்தால் வட்டத்தின் அளவை மாற்ற வேண்டும்.

அடுத்து, ஒரு ஃபிரேமில் உள்ள மணிதான் அடுத்த ஃபிரேமில் உள்ள இந்த மணி என்று இணைக்க வேண்டும். எல்லா மணியும் ஒன்றுபோலவே இருப்பதால் அருகில் இருப்பதோடுதான் இணைக்க முடியும். ‘அதிகபட்சம் இவ்வளவு தூரம்தான் தேடு’ என்று மென்பொருளுக்கு ஓர் எல்லை கொடுக்கிறோம். எல்லை பெரிதாக இருந்தால் பக்கத்து மணியோடு முடிச்சுப் போட்டுவிடும். சிறிதாக இருந்தால் நீண்ட தாவல்களெல்லாம் வெட்டுப்பட்டு, `D` குறைவாக வரும். நம் மணி ஒரு ஃபிரேமில் 0.44 மைக்ரான் போகிறது. மணிகளுக்கு இடையே பத்து மைக்ரான் இருந்தால் இரண்டு மைக்ரான் எல்லை வசதியானது. தாவல்களின் பரவலை வரைந்து பார்த்தால் அது மணி வடிவில் இறங்கி, எல்லையைத் தொடும் முன்பே இல்லாமல் போக வேண்டும். எல்லையில் சுவரில் மோதியதுபோல் நின்றால், நாம் நிஜத் தாவல்களை வெட்டிவிட்டோம் என்று பொருள்.

எல்லாம் சேர்ந்து நகரும்போது

இனி வருவது டிரிஃப்ட். ஓடும் ரயில் பெட்டிக்குள் பயணிகள் அங்கும் இங்கும் நடக்கிறார்கள். தண்டவாளத்தின் அருகில் நிற்பவர் அவர்களுடைய நடையை அளக்க முயன்றால், ரயிலின் ஓட்டமும் அதில் கலந்துவிடும். மணிகளுக்கும் இதுதான் நிலை. கவர் ஸ்லிப்பின் ஓரம் சரியாக மூடப்படாமல் நீர் ஆவியானால் உள்ளே மெல்லிய ஓட்டம் உண்டாகும். ஸ்லைடு வைத்திருக்கும் மேடை வெப்பத்தில் விரிந்தாலும் படம் முழுதும் நகரும்.

நொடிக்கு அரை மைக்ரான் என்ற அளவில் ஓட்டம் இருக்கிறது என்று வைப்போம். கண்ணுக்கு அது எளிதில் தெரியாது. டிரிஃப்ட்டினால் வரும் இடப்பெயர்ச்சி நேரத்தோடு வளர்கிறது. அதன் வர்க்கம் நேரத்தின் வர்க்கமாக வளர்கிறது.

```
<r²> = 4 D t + v² t²
```

பத்தில் ஒரு நொடியில் மணியின் அலைச்சல் தரும் பங்கு 0.196 சதுர மைக்ரான். டிரிஃப்ட்டின் பங்கு 0.0025. ஒரு சதவீதம்தான். ஒரு நொடியில் 1.96-க்கு 0.25, இப்போது 13 சதவீதம். பத்து நொடியில் 19.6-க்கு 25, டிரிஃப்ட்டே முந்திவிட்டது. ஒரே வீடியோதான். எந்த இடைவெளியில் அளக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. நேர்கோடாக இருக்க வேண்டிய வரைபடம் நீண்ட நேரங்களில் மேல் நோக்கி வளைந்தால் டிரிஃப்ட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

இன்னும் நேரடியான சோதனை, எல்லா மணிகளின் இடப்பெயர்ச்சியையும் திசையோடு கூட்டிச் சராசரி பார்ப்பது. தாறுமாறான அலைச்சல் மட்டுமே என்றால் கூட்டும்போது பெரும்பாலும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நம் 60 மணிகளின் சராசரி ஒரு நிமிடத்தில் எந்த ஒரு திசையிலும் ஏறத்தாழ ஒரு மைக்ரானே நகர்ந்திருக்க வேண்டும். மேலே சொன்ன டிரிஃப்ட் இருந்தால் 30 மைக்ரான் நகர்ந்திருக்கும். ஐயத்துக்கு இடமே இருக்காது.

நீக்கும் வழியும் இதிலேயே இருக்கிறது. ஒவ்வொரு ஃபிரேமிலும் எல்லா மணிகளின் சராசரி நகர்வைக் கண்டு, ஒவ்வொரு மணியிலிருந்தும் கழித்துவிடலாம். ஆனால் அந்தச் சராசரியில் மணியின் சொந்த அலைச்சலும் ஒரு பங்கு இருக்கிறது. கழிக்கும்போது அதுவும் சேர்ந்து போய்விடும். 60 மணிகள் இருந்தால் அறுபதில் ஒரு பங்கு, அதாவது 2 சதவீதத்துக்கும் குறைவாக `D` குறையும். நான்கே மணிகள் இருந்தால் கால் பங்கு காணாமல் போகும். டிரிஃப்ட்டை நீக்கியதாக நினைத்துக்கொண்டே அளக்க வந்ததையும் நீக்கியிருப்போம். மணிகள் குறைவாக இருக்கும்போது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் தனித்தனியாகக் கழிக்காமல், நீண்ட நேரச் சராசரி நகர்வை மென்மையான கோடாக்கி அதைக் கழிப்பது இந்த இழப்பைக் குறைக்கும்.

கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும் ஒன்றிரண்டு மணிகள் எப்போதும் இருக்கும். அவற்றைக் குப்பை என்று ஒதுக்கக் கூடாது. ஒட்டிய மணி நகர்ந்தால் மேடை நகர்கிறது. ஒட்டிய மணி நிற்க மற்றவை ஒரே பக்கம் போனால் நீர் ஓடுகிறது. முன்னதற்கு ஒட்டிய மணியின் பாதையைக் கழித்தால் போதும். பின்னதற்கு ஸ்லைடைச் சரியாக மூடி மறுபடி எடுப்பதே நல்லது, ஏனென்றால் நீரின் ஓட்டம் கண்ணாடிக்கு அருகில் மெதுவாகவும் நடுவில் வேகமாகவும் இருக்கும். ஒரே சராசரியைக் கழித்தால் முழுதும் நீங்காது. ஒட்டிய மணி இன்னொன்றும் சொல்கிறது. மேடையின் நகர்வைக் கழித்த பிறகும் அது சிறிது நடுங்குவதாகத் தெரிந்தால், அந்த நடுக்கமே நம் அளவீட்டின் பிழை. அது 0.02 மைக்ரான் என்றால் அதைவிடச் சிறிய எந்த அசைவையும் தனி மணியின் ஒரு ஃபிரேமிலிருந்து நம்பிச் சொல்ல முடியாது.

கூடுதல் வீடியோ எதைத் தீர்க்காது

இவ்வளவும் சரியாகச் செய்த பிறகும் 0.49 வராமல் போகலாம். அப்போது நீரைப் பார்க்க வேண்டும். விளக்கின் சூட்டில் சொட்டு 25-லிருந்து 30 டிகிரிக்கு ஏறியிருந்தால் பாகுநிலை 0.89-லிருந்து 0.80 மில்லிபாஸ்கல் நொடியாகக் குறைந்து, `D` 13 சதவீதம் கூடிவிடும். மணி எங்கே இருந்தது என்பதும் முக்கியம். பாலிஸ்டைரீன் நீரைவிடச் சற்றே கனமானது. ஒரு மைக்ரான் மணி நூறு மைக்ரான் ஆழம் இறங்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். ஸ்லைடைச் செய்து வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து அடித்தளத்தில் அளந்தால், கண்ணாடிச் சுவரின் உரசலால் மணிகள் மெதுவாகியிருக்கும். மணியின் மையம் சுவரிலிருந்து ஒரு மைக்ரான் உயரத்தில் இருந்தால் `D` கால் பங்குக்கும் மேல் குறைகிறது. அதனால் ஸ்லைடு செய்ததும், சொட்டின் நடு ஆழத்தில் குவித்து அளக்க வேண்டும்.

இந்தப் பிழைகளுக்கெல்லாம் பொதுவான ஒரு குணம் உண்டு. 60 மணிகளை நூறு தாவல்கள் பின்தொடர்ந்தால் 6,000 தாவல்கள் கிடைக்கும். தற்செயலால் வரும் பிழை ஒன்றரை சதவீதத்துக்கும் கீழே போய்விடும். இன்னும் நீண்ட வீடியோ எடுத்தால் அது மேலும் சுருங்கும். அளவுகோல் 4 சதவீதம் தவறு என்றால் அந்தத் தவறு மட்டும் ஆறு லட்சம் தாவல்களுக்குப் பிறகும் அப்படியே நிற்கும். வரைபடத்தில் பிழைக் கோடுகள் மிகச் சிறியதாகவும் விடை தவறாகவும் இருக்கும் நிலை இப்படித்தான் உண்டாகிறது.

உயிருள்ள செல்களுக்கு வரும்போது இந்தக் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். காயத்தை மூட நகரும் தோல் செல்களை ஆய்வகத்தில் பல மணி நேரம் படம் பிடிக்கிறார்கள். அவை எல்லாம் ஒரே பக்கமாகத்தான் நகரும். அந்தப் பொது நகர்வுதான் அளக்க வேண்டியதே. மணிகளுக்குச் செய்ததுபோல் சராசரியைக் கழித்தால் கண்டுபிடிப்பையே கழித்துவிடுவோம். கழிக்காமல் விட்டால், மேடை மணிக்கு ஐந்து மைக்ரான் நகர்வதும் செல்லின் வேகமாகக் கணக்கில் ஏறும். ஆகவே கிண்ணத்தின் அடியில் ஒரு கீறல், ஒட்டவைத்த சில மணிகள் என்று அசையாத அடையாளம் ஒன்று படத்துக்குள் இருந்தாக வேண்டும். படம் எடுத்து முடித்த பிறகு அதைச் சேர்க்க வழியில்லை.

செல்லின் பாதை நீளத்தைக் கூட்டுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அசையாத செல்லின் மையம்கூட ஃபிரேமுக்கு ஃபிரேம் கொஞ்சம் நடுங்கித் தெரியும். நிமிடத்துக்கு 0.3 மைக்ரான் நடுக்கத்தை ஒரு மணி நேரம் கூட்டினால் நகராத செல் 18 மைக்ரான் நடந்ததாகக் கணக்கு வரும். இறந்த செல்களையோ வேதிப்பொருளால் நிலைநிறுத்திய செல்களையோ அதே அமைப்பில் பின்தொடர்ந்து, அவற்றுக்கு என்ன வேகம் வருகிறதென்று பார்த்தால் இந்தப் பொய் வேகத்தின் அளவு தெரிந்துவிடும். உயிருள்ள செல்லின் வேகம் அதைவிடத் தெளிவாகக் கூடுதலாக இருந்தால்தான் அது நகர்கிறது என்று சொல்லலாம்.

ஒரு கட்டுரையிலோ ஆய்வேட்டிலோ ‘இந்தச் செல் மணிக்கு இத்தனை மைக்ரான் நகர்ந்தது’ என்ற வரியைப் படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்கலாம். பிக்சலின் அளவு லென்ஸின் எண்ணிலிருந்து வந்ததா, அளவுகோல் ஸ்லைடிலிருந்து வந்ததா? அசையாத ஒன்று எவ்வளவு அசைந்ததாகத் தெரிந்தது? விடை தெரிந்த மணிகளை அதே லென்ஸிலும் அதே கேமரா அமைப்பிலும் அளந்தபோது, சேர வேண்டிய எண் சேர்ந்ததா? இந்த மூன்றுக்கும் தேவைப்படும் வீடியோக்களை எடுக்க ஒரு பிற்பகல் போதும். அவை கையில் இருந்தால், விடை தெரியாத செல்லைப் பற்றி வரும் எண்ணையும் நம்பலாம்.